அரைப்பேர் விழுந்த நாளின் சுடுதண்ணீர்க் கணக்கு

கொழுந்து எடுக்கும் வேலையில் ஒரு நாள் எப்படி முடியப்போகிறது என்பது பகல் நிறுவையிலேயே பாதி தெரிந்துவிடும். காலையில் நிறுத்ததையும் பகலில் நிறுத்ததையும் கூட்டிப் பார்த்தால், மாலைக்குள் கணக்கு வருமா வராதா என்று பழகினவர்கள் சொல்லிவிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஆடி மாதத்து மழையில் சாக்குக்குக் கழிவு, இலையில் ஒட்டிய தண்ணீருக்குக் கழிவு என்று தராசில் போவது வேறு. அன்றைக்கு என் மனைவியை விட்டிருந்தது, கொழுந்து வளராமல் நின்று பஞ்சி விழுந்த பழைய மலையில். பகல் நிறுவையில் ஏதோ பேச்சு வந்து, எல்லார் முன்னாலும் அவளைச் சத்தம் போட்டிருக்கிறார்கள். இது எனக்கு அவள் சொல்லித் தெரியவில்லை. அதே மலையில் நின்ற பக்கத்துக் காம்பரா அக்கா போன் எடுத்துச் சொன்னார். நான் அப்போது ஹட்டன் ஸ்டாண்டில் ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தேன். மணி இரண்டரை இருக்கும்.

அவள் வீட்டுக்கு வர ஐந்து ஆகும். மழை நாளில் ஹயரும் கிடைக்காது. சரி என்று ஆட்டோவைத் திருப்பிவிட்டேன். வழியில் இஞ்சி ஒரு துண்டு, ஒரு தேங்காய், கல்லுப்பு ஒரு பாக்கெட் வாங்கினேன். மாசி வீட்டில் இருந்தது. கேக், பூ என்று கை போகத்தான் பார்த்தது. ஆனால் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிறவள் கையில் கேக் பெட்டியைக் கொடுத்தால் அதை எங்கே வைப்பது என்றுதான் முதலில் யோசிப்பாள். அவளுக்கு வேண்டியது சூடு. அதுவும், தானே ஊதி, தானே சுமந்து, தானே கலக்காமல் கிடைக்கிற சூடு.

இந்தப் பதிவு முழுக்க அந்தச் சூட்டைப் பற்றித்தான். ஒரே ஒரு விறகடுப்பு, ஈர விறகு, இரண்டரை மணி நேரம், இதை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்று எழுதுகிறேன்.

எங்களிடம் கேஸ் அடுப்பும் இருக்கிறது. 2022இல் கேஸ் கிடைக்காமல் போன காலத்தில் விறகடுப்பை மறுபடி பூசி எடுத்தோம், அதற்குப் பிறகு அதை விடவில்லை. தேத்தண்ணிக்கு, அவசரத்துக்கு கேஸ். குளிக்கத் தண்ணீர் காய்ச்ச விறகு. பெரிய பானைத் தண்ணீரை கேஸில் காய்ச்சினால் சிலிண்டர் மாத முடிவைப் பார்க்காது.

முதல் வேலை தண்ணீர். பீலியில் இரண்டு வாளி பிடித்து வந்து, 12 லீற்றர் கொள்ளும் அலுமினியப் பானையை நிரப்பி அடுப்பில் ஏற்றினேன். மூடி போட்டேனா என்று இரண்டு முறை பார்க்க வேண்டிய விஷயம் இது. எங்கள் பக்கத்துக் குளிரில் திறந்த பானை கொதிக்கவே மறுக்கும். ஆவியோடு சூடு போய்க்கொண்டே இருக்கும், விறகுதான் தீரும். மூடி இருந்தால் நாற்பது நிமிடத்தில் கொதி வந்துவிடும்.

விறகில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது கிடைக்கும் கவ்வாத்து மிலாறு சட்டென்று பிடித்துக்கொள்ளும், கடுஞ்சூடு கொடுக்கும், ஆனால் பத்து நிமிடத்தில் சாம்பலாகிவிடும். சவுக்குக் கட்டை பிடிக்க நேரமெடுக்கும், பிடித்தபின் நின்று எரியும். அதனால் அடுப்புக்கு மேலே பரணில் காய்ந்து கிடந்த மிலாறை முதலில் வைத்து, அது எரிகிற வேகத்திலேயே சவுக்கைப் பக்கத்தில் சாய்த்து ஈரம் போக்கி, பிறகு உள்ளே தள்ளினேன். ஈரக் கட்டையை நேரே உள்ளே வைத்தால் முனையில் நுரை கட்டி, சீறிக்கொண்டு, புகை மட்டும் வரும். அந்தச் சீறல் கேட்டால் கட்டையை வெளியே இழுத்துவிட வேண்டும். ஊதி ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதில் பயனில்லை.

பள்ளிக்கூடம் விட்டு மகன் வந்தான். அவனுக்கு நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மகளுக்கு அம்மாவின் மாற்று உடுப்பை எடுத்துவரும் வேலை. "அம்மா வந்ததும் கிலோ பத்தி ஒண்ணும் கேக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவைத்தேன். "ஏன்ப்பா?" என்று மகள் கேட்டாள். "அவங்களாச் சொல்லுவாங்க" என்றேன்.

உடுப்பு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் மலையகத்து வீடுகளில் காய்ந்த துணி என்று ஒன்று கிடையாது. ஈரம் குறைந்த துணிதான் உண்டு. கொடியில் மூன்று நாள் கிடந்த சட்டை கைக்குக் காய்ந்த மாதிரித் தெரியும். உடம்பில் போட்டால்தான் அதன் குளிர் தெரியும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் காயும், ஆனால் புகை நாற்றம் ஏறும், பொறி விழுந்தால் ஓட்டை. நான் செய்தது இது. பாவாடை, சட்டை, கம்பளிச் சுவெட்டர், ஒரு ஜோடி காலுறை எல்லாவற்றையும் முதலில் இஸ்திரிப் பெட்டியால் இரண்டு பக்கமும் அழுத்தினேன். துணியிலிருந்து ஆவி வருவது நிற்கும்வரை அழுத்த வேண்டும். ஆவி வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு மகனின் ஸ்டீல் தண்ணீர்ப் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, இறுக்கி மூடி, கவிழ்த்துப் பிடித்து ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு, அதை நடுவில் வைத்து உடுப்பையெல்லாம் சுற்றி, வெளியே ஒரு தடித்த துவாயால் பொதிந்து கட்டிலில் வைத்தேன்.

போத்தல் ஒற்றைச் சுவர் ஸ்டீலாக இருக்க வேண்டும். தேத்தண்ணி கொண்டுபோகிற பிளாஸ்க் இதற்கு உதவாது. சூட்டை வெளியே விடாமல் இருக்கத்தான் அதை இரட்டைச் சுவராகச் செய்திருக்கிறார்கள், ஆகவே துணி சுடாது. சோடா வரும் பிளாஸ்டிக் போத்தலில் கொதிநீர் ஊற்றுவதும் கூடாது. கண்முன்னாலேயே சுருங்கிக் கோணி, மூடிப் பக்கம் கசியும். கட்டில் நனைந்தால் அன்றைய இரவே போச்சு.

அடுத்தது உப்பு. கூடைக்கயிறு தலையில் மாட்டி நாள் முழுக்க மேட்டில் நின்றால் பாரம் இறங்குவது பின்கழுத்திலும் இரண்டு தோள்களுக்கு நடுவிலும். இந்த இடத்துக்கு எங்கள் அம்மா காலத்திலிருந்து உப்பு ஒத்தடம்தான். ஆனால் அதைச் சும்மா உப்பை வறுத்துக் கட்டுவது என்று நினைத்துச் செய்தால் கை சுடும், துணி கருகும்.

அரைக் கிலோ கல்லுப்பை எண்ணெய்ப் பசை இல்லாத தாச்சியில் போட்டு நடுத்தர நெருப்பில் கிளறினேன். கொஞ்ச நேரத்தில் அது படபடவென்று வெடிக்கத் தொடங்கும். உப்புக் கல்லுக்குள் அடைபட்ட ஈரம் ஆவியாகிக் கல்லை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மழைக்காலத்து உப்பென்றால் வெடி கூடுதல். முகத்தைக் குனிந்து வைக்கக் கூடாது, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவும் கூடாது. வெடிச் சத்தம் ஓய்ந்ததுதான் ஈரம் போனதற்கு அடையாளம். அதற்குமேல் வறுக்கத் தேவையில்லை. ஈரம் போகாத உப்பைக் கட்டினால் மூட்டையிலிருந்து ஆவி வந்து தோலைச் சுடும். காய்ந்த சூட்டைவிட ஆவிச் சூடு பொல்லாதது.

கட்டுகிற துணி பருத்தியாக இருக்க வேண்டும். பழைய வேட்டி நல்லது. நைலக்ஸ் சேலைத் துண்டு என்றால் உருகி ஒட்டிக்கொள்ளும். நான் வேட்டித் துண்டை இரண்டு மடிப்பாக்கி, ஒரு சட்டிக்குள் விரித்து, உப்பைக் கொட்டி, மேலே நல்ல இடம் விட்டுக் கட்டினேன். இறுக்கிக் கட்டினால் கல் மாதிரி ஆகிவிடும், கழுத்து வளைவில் உட்காராது. கொட்டி முடித்த கையோடு தாச்சியைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். இரும்புத் தாச்சியில் உப்பு அரை மணி கிடந்தால் துருப் பிடிக்கும், பிறகு அதில் ரொட்டி சுட்டால் செம்மண் நிறம்தான். மூட்டையை ஒரு மூடி போட்ட சட்டியில் அடுப்போரம் வைத்தேன். அங்கே முக்கால் மணி நேரம் தாராளமாகச் சூடு நிற்கும்.

இதற்குள் பானை கொதித்துவிட்டது. கட்டையைப் பின்னுக்கு இழுத்து, தணலில் விட்டேன். மகன் ரொட்டிக்குத் தேங்காய் திருவ, நான் மா பிசைந்தேன். கோதுமை மா மூன்று கோப்பை, தேங்காய்ப்பூ ஒரு கோப்பை, உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். மாசிச் சம்பலை அம்மியில் அரைத்து வைத்தேன். மாவை மூடிவைத்தபோது மணி நாலே முக்கால்.

சர்ப்ரைஸ் என்கிற பகுதி லயத்தில் நடக்காது என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் கூரையிலிருந்து அந்த நேரத்தில் புகை போனால் மேட்டு மலையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தும்மினால் நாங்கள் நூறு என்போம். உப்பு வெடித்த சத்தத்திலேயே பக்கத்துக் காம்பரா ஆச்சி, "என்னாடா தம்பி, யாருக்கு ஒத்தடம்?" என்று கேட்டுவிட்டார். ஆகவே ஆச்சரியம் என்று நான் எண்ணிவைத்திருந்தது, வீட்டில் ஏதோ நடக்கிறது என்பதை மறைப்பதை அல்ல. அவள் வந்து கை வைக்க ஒரு வேலையும் மிச்சம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பாத்திரம் கழுவியிருந்தது. இரவுக்குத் தண்ணீர் பிடித்தாயிற்று. பிள்ளைகளின் சீருடை துவைத்துப் போட்டாயிற்று. இந்த மூன்றும் இல்லாமல் மற்றதைச் செய்திருந்தால், சூடாகக் குளித்துவிட்டு மறுபடி ஈரத்தில் கை வைத்திருப்பாள்.

அவள் வரும்போது வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னமே, "என்னங்க, இன்னிக்கி ஹயர் இல்லையா?" என்றாள். குரலே இல்லை. மழைக்குக் கட்டியிருந்த படங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "மழைக்கு யாரு வருவா. உக்காரு புள்ள" என்று இஸ்தோப்பில் முக்காலியைப் போட்டேன். இஞ்சி போட்ட பிளேன்டியைக் கையில் கொடுத்தேன். கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கவில்லை. விறைத்த விரல்களுக்குக் கோப்பையின் சூடு உடனே தெரியாது, அடுத்த நிமிடம் ஒரேயடியாகச் சுடும். கோப்பைக்குப் பதிலாகப் பிடி வைத்த மக்கில், வாய் வைத்துக் குடிக்கும் சூட்டில் கொடுத்தால் பிடித்துக்கொண்டே இருக்கலாம். படங்கையும் மேல்சட்டையையும் கழற்றி, தோளில் காய்ந்த துவாயைப் போட்டுவிட்டேன். நனைந்த துணி உடம்பில் இருக்கும்வரை என்ன சூடு கொடுத்தாலும் அது துணியைக் காயவைக்கத்தான் போகும்.

பிறகு கால். இதை அவசரப்படுத்தக் கூடாது. ஈரமலையிலிருந்து வந்த காலில் அட்டை இருக்கும். விரலிடுக்கில் ஒன்று, கணுக்காலுக்கு மேலே காலுறை விளிம்பில் ஒன்று இருந்தன. கணுக்கால் அட்டை குடித்துப் பருத்து, விழும் நிலையில் இருந்தது. விரலிடுக்கில் இருந்தது இன்னும் நூல்போல் மெலிந்து, இரண்டு முனையாலும் பற்றிக்கொண்டிருந்தது. உப்பு வைத்தாலும் நெருப்பு வைத்தாலும் விழும்தான், ஆனால் விழும்போது குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிட்டுப் போகும் என்பதால் நான் அப்படிச் செய்வதில்லை. நகத்தைத் தோலோடு ஒட்டிச் சாய்த்து, முதலில் மெல்லிய முனையைத் தள்ளினேன். அதுதான் கடித்துக்கொண்டிருக்கிற வாய். அது விட்டதும் தடித்த முனையைத் தள்ளி உதறினேன்.

அட்டை போனபின்னும் ரத்தம் நிற்காது. ரத்தம் உறையவிடாத ஒரு பொருளை அது கடிக்கும்போதே உள்ளே விட்டுவிடுகிறது. மெலிதாக வழிந்துகொண்டே இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலை உடனே சுடுதண்ணீரில் வைத்தால் ரத்த ஓட்டம் கூடி, பேசின் தண்ணீரே சிவந்துவிடும். சவுக்காரம் போட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியை மடித்து வைத்து, அவள் பிளேன்டி குடித்து முடிக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் ஒன்றும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மகள் மட்டும் பள்ளிக்கூடத்தில் எவனோ டெஸ்க்கில் இருந்து விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது நல்லதாகப் போயிற்று.

இனித் தண்ணீர்க் கலவை. வீட்டில் வெப்பமானி கிடையாது, தேவையும் இல்லை. ஹட்டன் சுற்றுவட்டாரம் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகை வரை போகாது, 96க்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். மழை நாளில் பீலித் தண்ணீர் 16 பாகை என்று வைத்துக்கொள்ளலாம். கொதிநீர் ஒரு பங்குக்குப் பச்சைத் தண்ணீர் இரண்டு பங்கு. மூன்றையும் சேர்த்துப் பங்கிட்டால் 42, 43 வரும். வாளியும் காற்றும் ஒன்றிரண்டு பாகையைக் குடித்துவிடும், மிச்சம் உடம்புக்குச் சரியான சூடு. இந்த ஒன்றுக்கு இரண்டு என்பதைப் பிடித்துக்கொண்டால் மக்கால் அளந்தே கலந்துவிடலாம். கொழும்புப் பக்கம் இருப்பவர்கள் இதே கணக்கில் கலந்தால் சுடும். அங்கே குழாய்த் தண்ணீரே இதைவிடப் பத்துப் பாகைக்குமேல் சூடு, ஒன்றுக்கு நான்கு தேவைப்படும்.

குளிக்கும் வாளிக்குக் கொதிநீர் ஆறு லீற்றர், பச்சைத் தண்ணீர் பன்னிரண்டு. முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் கொதிநீர். மாற்றி ஊற்றினால் வெறும் கொதிநீர் வாளியில் நிற்கும்போது பிள்ளை யாராவது கை வைத்துவிடலாம். கலந்தபின் முழங்கையை விட்டுப் பார்த்தேன். அடுப்பில் வேலை செய்த உள்ளங்கையை இந்த விஷயத்தில் நம்பக் கூடாது. மரத்துப்போய் எல்லாவற்றையும் வெதுவெதுப்பு என்று சொல்லும். குளியலறை வெளியே, தகரக் கதவு. காற்று வரும் அடிப்பக்கத்தில் ஒரு சாக்கைத் திணித்துவைத்தேன். தலைக்கு ஊற்ற வேண்டாம் என்று அவளே முடிவெடுத்துவிட்டாள். அந்தக் குளிரில் நீளமான முடி இரவு முழுக்கக் காயாது.

வாளி குளியலுக்குப் பிறகு வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவதற்குள், சிமெந்துத் தரையில் கால் மறுபடி குளிர்ந்துவிடும். அதனால் காலுக்கான பேசினைக் குளியலுக்கு முன்பே கலந்துவைக்காமல், அவள் உடுப்பு மாற்றும்போது கலந்தேன். கொதிநீர் இரண்டு லீற்றர், பச்சைத் தண்ணீர் நான்கு. போத்தல் சுற்றிய பொதியை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து, "அய்யய்யோ, சட்டை சுடுது" என்று ஒரு சத்தம் கேட்டது. அன்றைக்கு அவள் முதல் தடவையாகச் சாதாரணக் குரலில் பேசியது அதுதான்.

அடுப்புக்கு எதிரே பலகையில் உட்காரவைத்துக் காலைப் பேசினில் வைத்தேன். இதற்கு உப்பு போடச் சொல்வார்கள், எலுமிச்சை பிழியச் சொல்வார்கள். நான் இரண்டையும் போடவில்லை. அட்டைக் கடி, முள் கீறல், குதிகால் வெடிப்பு எல்லாம் உள்ள காலுக்கு உப்பும் புளிப்பும் எரிச்சல்தான் கொடுக்கும். வெறும் தண்ணீர் போதும்.

நேரமும் குறைவாக இருக்க வேண்டும். காலையிலிருந்து ஈரத்தில் கிடந்த கால் அது. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இப்படிப்பட்ட தோலை அரை மணி ஊறவைத்தால் இன்னும் ஊதி, விரலிடுக்கில் உரிந்து, இரண்டு நாளில் சேற்றுப்புண் வந்துவிடும். பத்து நிமிடம் தாண்டக் கூடாது. அறையின் குளிரில் பேசின் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் சூடு குறையும். அப்போது காலைத் தூக்கச் சொல்லிவிட்டு, ஓரமாக ஒரு மக் கொதிநீரை ஊற்றி, கையால் கலக்கி, மறுபடி வைக்கச் சொல்ல வேண்டும். கால் உள்ளே இருக்கும்போது ஊற்றினால் அந்த ஓரத்தில் நிற்கிற கால் வெந்துவிடும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இந்தப் பகுதியே வேண்டாம். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுடுவது தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். என் அம்மாவுக்கு அதனால் வெறும் காலுறைதான், அதுவும் போத்தலோடு பொதிந்து சூடாக்கி, போட்டுப் பார்த்த பிறகு.

கால் தண்ணீரில் இருந்த அதே நேரத்தில் உப்பு மூட்டையை எடுத்தேன். முதலில் என் முன்கையின் உட்பக்கம் வைத்து மெதுவாகப் பத்து எண்ணினேன். பத்துக்குள் கையை எடுக்கத் தோன்றினால் அது அவள் கழுத்துக்கும் கூடாது, இன்னொரு துணி சுற்ற வேண்டும். அப்படியே ஒரு மடிப்புச் சுற்றித்தான் வைத்தேன். "இன்னிக்கி எங்கயாச்சும் வழுக்கி விழுந்தியா?" என்று கேட்டுக்கொண்டேன். புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடம் இருந்தால் அங்கே சூடு வைத்தால் வீக்கம் கூடும். இல்லை என்றாள். எலும்புத் துருத்தலில் வைக்காமல் அதற்கு இரண்டு பக்கத்துச் சதையில் வைத்து அழுத்தி எடுத்து, அழுத்தி எடுத்து, கழுத்தடியிலிருந்து தோள் முனை வரை நகர்த்தினேன். ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் போகக் கூடாது, தோல் சிவந்து தடித்துவிடும். இளஞ்சிவப்பு வரலாம், அது சிறிது நேரத்தில் போய்விடும். சூடு குறையக் குறைய மூட்டையை நிதானமாக வைத்திருக்கலாம். கடைசி ஐந்து நிமிடம் அவளே பிடித்துக்கொண்டாள்.

காலை எடுத்ததும் துடைப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு விரலிடுக்காகத் துவாய் முனையை விட்டு ஒற்றினேன், தேய்க்கவில்லை. வெடிப்பில் வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய் தடவினேன். விரலிடுக்கில் எண்ணெய் வைக்கவில்லை, அங்கே காய்ந்திருக்க வேண்டும். கைவிரல்களுக்கும் கொஞ்சம். கொழுந்துக் கறை ஏறி, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கருத்துக் கீறிய கோடுகள். எலுமிச்சை தேய்த்தால் கறை போகும் என்பார்கள், அந்தக் கீறலில் எலுமிச்சை பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணெய் வைத்து, துணியால் துடைத்துவிட்டேன். கறை இருந்தால் இருக்கட்டும்.

காலுறையை மாட்டிவிட்டு ரொட்டி சுடத் தொடங்கினேன். இரண்டாவது ரொட்டியில் அவள் பேச ஆரம்பித்தாள். கழிவைப் பற்றித்தான். சாக்குக்கு எப்போதும் கழிப்பதைக் கழித்துவிட்டு, தண்ணீருக்கென்று வழக்கத்தைவிடக் கூட வெட்டியிருக்கிறார்கள். அவள் கேட்டிருக்கிறாள். கேட்டதற்குத்தான் அந்தச் சத்தம். "அரைப்பேரு போனாக்கூடப் பரவால்லங்க. அத்தனை பேரு முன்னால…" என்று நிறுத்திவிட்டாள். நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன். அந்த நேரத்தில் நாளைக்குச் சரியாகிவிடும் என்றோ, நீ இப்படிச் சொல்லியிருக்கலாம் என்றோ வாய் வரும். அதை அடக்கிக்கொள்வது உப்பு வறுப்பதைவிடக் கஷ்டம். "எத்தன கிலோ கழிச்சாங்க?" என்று மட்டும் கேட்டேன். அவளே பேச்சை அங்கே கொண்டுவந்த பிறகு கேட்கலாம். இன்னும் மூன்று பேருக்கும் அதே மாதிரி வெட்டியிருப்பதாகவும், நாலு பேரும் சேர்ந்து சங்கத் தலைவரிடம் சொல்லப்போவதாகவும் சொன்னாள். கொழுந்துச் சிட்டையைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். ஏற்கெனவே பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சாமித்தட்டில் வைத்திருக்கிறாள்.

சம்பலுக்கு உப்புக் கூடிவிட்டதென்று மகன் சொன்னான். "அப்பா கழுத்துக்குப் போட்ட உப்புல மிச்சத்தப் போட்டிருப்பாரு" என்று அவள் சொல்ல, பிள்ளைகள் இரண்டும் சிரித்து உருண்டன. நான் மறுக்கவில்லை.

சாப்பிட்டபின் பானையில் மிச்சமிருந்த சுடுதண்ணீரில் பாத்திரத்தைக் கழுவினேன். எழுந்து வந்தவளை மகள் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். உப்பை ஆறவைத்து, இறுக்கமான மூடியுள்ள பால்மா டின்னில் போட்டு மூடினேன். அதே உப்பை மறுபடி மறுபடி வறுக்கலாம், சாப்பாட்டுக்கு மட்டும் எடுக்கக் கூடாது என்று டின்னில் எழுதியிருக்கிறேன். திறந்து வைத்தால் இந்த மாதத்துக் காற்றில் ஒரே இரவில் தண்ணீர் விட்டுவிடும். பரணில் எடுத்த மிலாறுக்குப் பதில் புதுக் கட்டு ஏற்றினேன்.

அடுத்த முறைக்கு இரண்டு மாற்றம் செய்ய வேண்டும். குளியலறைத் தகரக் கதவின் அடியில் சாக்குக்குப் பதிலாகப் பழைய டயர் டியூப் துண்டை ஆணியடித்துவிட்டால் காற்று நிற்கும், தண்ணீரிலும் உக்காது. அப்புறம் இன்னொரு ஸ்டீல் போத்தல். ஒன்று உடுப்புக்கு, ஒன்று படுக்கையின் கால்மாட்டுக்கு. உப்பு டின்னை மறுநாளே ஆச்சி வாங்கிக்கொண்டு போனார், இன்னும் திரும்பி வரவில்லை.